ஒரே ஃபில்டர், இரண்டு உடம்பு

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை வரப்ப ஏதாவது தூக்க மாத்திரை எடுத்துட்டு வாம்மா. ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துடுது. அப்புறம் விடியற வரைக்கும் விட்டத்தைப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன்."

நான் கும்பகோணத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை தர மாட்டேன் என்பது அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டார் என்றால் தாங்க முடியாமல்தான் கேட்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். சாயங்காலம் ஆறரை மணிக்கு விளக்கேற்றிவிட்டு வந்தவர், எனக்கும் அப்பாவுக்கும் டவராவில் காபி வைத்தார். தனக்கும் ஒரு டம்ளர் ஆற்றிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். டிகாக்ஷன் காலையில் இறக்கியது இல்லை. மூன்று மணிக்குப் புதிதாகப் பொடி போட்டுக் கொதிக்கிற வெந்நீர் ஊற்றி, தட்டி உட்கார வைத்த ஃபில்டரிலிருந்து இறங்கிய முதல் டிகாக்ஷன். நுரைக்கு அடியில் செம்மண் நிறம். வாசனையே ஆளை எழுப்பிவிடும். "ஒரு நாளைக்கு எத்தனைம்மா?" என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். காலையில் ஐந்தரைக்கு ஒன்று, ஏழரைக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று, மூன்றரைக்கு ஒன்று, இப்போது ஒன்று. "உங்கப்பாவும் அதேதான் குடிக்கிறார். படுத்தா குறட்டை. காபியில ஒண்ணும் இல்ல, எனக்கு வயசாகுது, அவ்வளவுதான்."

இந்தப் பேச்சை நம் ஊரில் கேட்காத வீடு இல்லை. கடைக்கு வந்து தூக்கத்துக்கு ஏதாவது கேட்பவர்களில் பலர் சாயங்காலக் காபியை ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. 'அவர் குடிக்கிறார், தூங்குகிறார்; ஆகவே காபி காரணமில்லை' என்ற கணக்கு எங்கே பிசகுகிறது என்பதை அந்த இரண்டு பேரை வைத்தே சொல்கிறேன்.

நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது தனக்கென்று இருக்கும் ஏற்பிகளில் போய் உட்கார உட்கார உடம்பு கனக்கும், கண் சொருகும். தூங்கும்போது அது கரைந்துவிடும். காபியில் இருக்கும் கஃபீனின் வடிவம் ஏறத்தாழ அடினோசின் மாதிரியே இருப்பதால் அதே ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உட்காருகிறதே தவிர, தூக்கத்தைத் தூண்டுவதில்லை. நாற்காலியில் துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பது போலத்தான். அசதி போய்விடுவதில்லை, அசதியின் செய்தி போய்ச் சேருவதில்லை. குடித்த முக்கால் மணி நேரத்துக்குள் அத்தனை கஃபீனும் இரத்தத்தில் கலந்துவிடும். அதன்பிறகு அதை உடைத்து வெளியேற்றும் வேலை கல்லீரலுடையது.

கஃபீன் ஒத்துக்கொள்வதும் ஒத்துக்கொள்ளாததும் இந்த இரண்டு இடங்களில் நிர்ணயமாகிறது. மூளையின் ஏற்பிகள் சிலருக்குப் பிறப்பிலேயே கஃபீனுக்குக் கூடுதலாக அசைந்து கொடுக்கும். அரை டம்ளரிலேயே படபடப்பும் கை நடுக்கமும் வருகிறவர்கள் இவர்கள். கல்லீரலில் கஃபீனை உடைக்கும் நொதியின் வேகமும் ஆளுக்கு ஆள் மாறும். குடித்த கஃபீன் பாதியாகக் குறைய சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும் என்பார்கள். ஆனால் நல்ல ஆரோக்கியமானவர்களிடையே கூட அது ஒருவருக்கு இரண்டு மணி நேரமாகவும் இன்னொருவருக்கு ஒன்பது மணி நேரமாகவும் இருக்கலாம். இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் புரியும்.

முதலில் அளவு. ஒரு டம்ளரில் எவ்வளவு கஃபீன் என்று யாரும் வீட்டில் அளக்க முடியாது. ஆனால் மாதத்துக்கு எவ்வளவு பொடி வாங்குகிறோம் என்பது எல்லா வீட்டிலும் தெரியும். அங்கிருந்து தொடங்கலாம். அம்மா மாதம் இரண்டு கிலோ வாங்குகிறார். வருகிறவர் போகிறவருக்கு 200 கிராம் போனால், மிச்சம் 1,800 கிராம். முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 60 கிராம், ஆளுக்கு 30 கிராம், டம்ளருக்கு 6 கிராம்.

அந்தப் பொடியில் எண்பதுக்கு இருபது சிக்கரி. சிக்கரியில் கஃபீன் துளியும் கிடையாது. கசப்பும் கறுப்பும் கெட்டித்தன்மையும் மட்டும்தான். ஆக 30 கிராமில் காபி 24 கிராம். கடைக்காரரிடம் அம்மா கேட்பது பாதி பிளாண்டேஷன், அதாவது அராபிகா, பாதி ரொபஸ்டா. வறுத்த அராபிகா கொட்டையில் ஏறக்குறைய 1.2 சதவீதம் கஃபீன், ரொபஸ்டாவில் 2.2 சதவீதம். இரண்டும் சரிபாதியாகக் கலந்தால் 1.7. அப்படியானால் 24 கிராமில் சுமார் 400 மில்லிகிராம். எல்லாமே டிகாக்ஷனில் இறங்கிவிடாது. இரண்டாம் டிகாக்ஷனையும் சேர்த்து முக்கால் பங்கு இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் 300 மில்லிகிராம். ஐந்து டம்ளருக்குப் பிரித்தால் டம்ளருக்கு 60. இது உத்தேசக் கணக்குதான், ஆனால் குத்துமதிப்பாகச் சொல்வதைவிட நிச்சயம் மேல்.

இதே கணக்கை உங்கள் வீட்டுக்குப் போடும்போது ஒன்றிரண்டு இடங்களில் ஏமாந்துவிடக் கூடாது. பீபரி என்று கேட்டு வாங்குவதால் கஃபீன் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. பீபரி என்பது பழத்துக்குள் இரண்டுக்குப் பதிலாக ஒற்றையாக, உருண்டையாக விளைந்த கொட்டை, அவ்வளவுதான். அது அராபிகா செடியில் விளைந்ததா ரொபஸ்டாவிலா என்பதே கேள்வி. 'கறுப்பாக இருக்கிறது, ஸ்ட்ராங்கான பொடி' என்பதும் அப்படித்தான், பல நேரம் அந்தக் கறுப்பு சிக்கரியுடையது. பாக்கெட்டில் வரும் பொடியில் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள்; காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. கும்பகோணம் டிகிரி காபி என்ற பெயருக்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள், பெரும்பாலும் பாலின் தரத்தை வைத்து. பால் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் கஃபீன் கணக்கில் அதற்கு இடமில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு வரைக்கும் பரவாயில்லை? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்னது, ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை, ஒரே மூச்சில் 200 வரை. நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி 300-க்கு மேல் வேண்டாம் என்கிறது. நம் உடல்வாகையும், காபியோடு டீயும் சேரும் வழக்கத்தையும் பார்க்கும்போது நான் 300-ஐத்தான் எல்லோருக்கும் சொல்கிறேன். கர்ப்பிணிகளுக்கு 200.

அம்மாவின் கணக்கு சரியாக 300-ல் நிற்கிறது. அளவில் குற்றம் சொல்ல முடியாது. அளவு சரியாக இருந்தும் தூக்கம் கெடுகிறது என்றால், அப்புறம் பார்க்க வேண்டியது கடிகாரத்தை.

அன்றைக்குக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இது. அம்மா படுப்பது இரவு ஒன்பதரை. ஐந்து மணி நேரத்தில் பாதியாகும் என்ற சராசரியையே எடுத்துக்கொண்டேன். ஆறரைக்குக் குடித்த 60-ல் ஒன்பதரைக்கு 40 மிச்சம் இருக்கும். மூன்றரைக்குக் குடித்ததில் 26. பதினொரு மணிக் காபியில் 14. காலை ஏழரைக் காபியில் 9. விடியற்காலைக் காபியில்கூட ஆறோ ஏழோ. கூட்டினால் 95 மில்லிகிராம். "அதாவது இதெல்லாம் குடிக்காம, ராத்திரி ஒன்பதரைக்கு ஒன்றரை டம்ளர் காபியை மட்டும் குடிச்சுட்டு நேராப் போய்ப் படுக்கறதும் இதுவும் ஒண்ணுதாம்மா" என்றேன். அம்மா தாளை வாங்கி இரண்டு தரம் பார்த்தார். "ராத்திரி ஒன்பதரைக்கு யாராவது காபி குடிப்பாங்களா?" என்றார்.

அம்மாவின் கல்லீரல் கொஞ்சம் மெதுவானது, பாதியாக எட்டு மணி நேரம் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதே ஐந்து டம்ளரின் மிச்சம் 140-க்குப் பக்கத்தில் வரும். இரண்டேகால் டம்ளருக்கு மேல். முந்தின நாள் மிச்சம் தனி. இதில் இன்னொன்றையும் நான் சேர்க்கவில்லை. எல்லா டம்ளரையும் 60 என்றே போட்டேன். நிஜத்தில் பதினொரு மணிக் காபி காலைப் பொடியின் இரண்டாம் டிகாக்ஷன், தண்ணீராக இருக்கும்; மூன்றரைக்கும் ஆறரைக்கும் குடிப்பது புதுப் பொடியின் முதல் டிகாக்ஷன். கஃபீன் தண்ணீரில் வெகு சீக்கிரம் கரைந்துவிடும் என்பதால் பெரும்பங்கு முதல் டிகாக்ஷனிலேயே இறங்கிவிடுகிறது. நம் பக்கத்து வீடுகளில் மத்தியானம் புதிதாக ஃபில்டர் போடும் வழக்கம், நாளின் திடமான காபிகளில் இரண்டைத் தூக்கத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது.

"நான் படுத்தா உடனே தூங்கிடுறேனே, அப்புறம்தான் முழிப்பு வருது" என்று அம்மா கேட்டது நியாயமான கேள்வி. பகல் முழுக்க நின்று வேலை செய்தவருக்கு அசதியின் பாரம் அவ்வளவு இருக்கும், கஃபீனை மீறியும் கண்ணை மூட வைத்துவிடும். ஆனால் இரவின் முதல் பாதியில் வரவேண்டிய ஆழ்ந்த உறக்கம் மேலோட்டமாகிவிடும். இரண்டு மூன்று மணி நேரத்தில் பாரம் கொஞ்சம் இறங்கியதும், மிச்சமிருக்கும் கஃபீனுக்கு ஒரு நாய்க்குரைப்பு போதும். வயது ஏற ஏற ஆழ்ந்த உறக்கம் தானாகவே குறைந்துகொண்டு வரும். இருபது வயதில் பொறுத்துப்போன அதே ஆறரை மணிக் காபி அறுபதில் பொறுக்காமல் போவது அதனால்தான்.

இதில் மனிதருக்குத் தன் உடம்பைப் பற்றியே சரியாகத் தெரிவதில்லை. அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 12 பேருக்கு 400 மில்லிகிராம் கஃபீனைப் படுக்கும்போதும், மூன்று மணி நேரம் முன்பும், ஆறு மணி நேரம் முன்பும் தனித்தனி நாட்களில் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மணி நேரம் முன்பு கொடுத்த நாளில்கூடக் கருவி அளந்த தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்திருந்தது. ஆனால் அன்றைக்குத் தூக்கம் குறைந்ததாக அவர்கள் எழுதி வைத்த குறிப்பில் தெளிவாகத் தெரியவில்லை. 400 என்பது ஒரே வேளைக்குப் பெரிய அளவு, நம் காபியோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. 2024-ல் வெளியான இன்னோர் ஆய்வில் இளைஞர்களுக்கு 100 மில்லிகிராம் கொடுத்தபோது, படுப்பதற்கு நான்கு மணி நேரம் முன்புவரைகூடப் பெரிய பாதிப்பு தெரியவில்லை. 400 கொடுத்தபோது பன்னிரண்டு மணி நேரம் முன்பு கொடுத்ததும் தூக்கத்தைத் தொட்டது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, 'சாயங்காலம் இத்தனை மணிக்கு மேல் காபி கூடாது' என்ற ஒற்றை விதி எல்லோருக்கும் பொருந்தாது, படுக்கும்போது மொத்த மிச்சம் எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்பது. நாள் முழுக்கக் குடிக்காமல் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு டம்ளர் மட்டும் குடிக்கும் இளைஞரையும், நான்கு டம்ளருக்கு மேல் ஐந்தாவதைக் குடிக்கும் அம்மாவையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இனி அப்பா. அதே ஃபில்டர், அதே ஐந்து டம்ளர், அதே ஒன்பதரை மணி. படுத்தால் குறட்டை. அம்மாவின் வாதத்துக்கு அவர்தான் சாட்சி. அந்தச் சாட்சி அடுத்த தையில் மாறியது. நெஞ்சு மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னதால் அப்பா நாற்பது வருடப் பீடியை ஒரே நாளில் விட்டார். விட்ட நாலாவது நாளிலிருந்து படபடப்பு, கை நடுக்கம், ராத்திரி புரண்டு புரண்டு படுப்பது. பீடியை விட்டதால் வருகிற தவிப்பு என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அப்பாவும், "ஒரு பீடி குடிச்சா சரியாயிடும்" என்று சொல்லத் தொடங்கினார். உண்மையில் அதில் பீடி ஏக்கத்தின் பங்கும் உண்டு. ஆனால் இன்னொரு பாதி காபியுடையது.

புகையிலை எரியும்போது வரும் புகையில் உள்ள சில பொருட்கள், கல்லீரலில் கஃபீனை உடைக்கும் அதே நொதியை முடுக்கிவிடும். நிகோடின் இல்லை, புகை. புகைப்பவர்களுக்குக் கஃபீன் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வெளியேறும். நாற்பது வருடமாக அப்பாவை ஐந்து டம்ளர் ஒன்றும் செய்யாததற்கு உடம்பின் உறுதி காரணமில்லை, பீடிதான் காரணம். புகையை நிறுத்திய சில நாட்களில் நொதி பழைய வேகத்துக்கு இறங்கிவிட்டது. ஐந்து டம்ளர் அப்படியே இருக்க, இரத்தத்தில் நிற்கும் கஃபீன் இரட்டிப்பானது. யாரும் காபியைக் கூட்டவில்லை, ஆனால் அப்பா திடீரென்று பத்து டம்ளர் குடிக்கிற ஆளாகிவிட்டார். பீடி, சிகரெட்டை விடுகிறவர்களுக்கு நான் கடையில் முதலில் சொல்வது இதுதான்: விடுகிற அன்றைக்கே காபி டீயைப் பாதியாக்குங்கள். அந்தப் படபடப்பு தாங்காமல் மறுபடியும் பீடிக்குத் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதே வேகம் வேறு சில காரணங்களாலும் மாறும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்குக் கஃபீன் பாதியாகும் நேரம் சுமார் இரட்டிப்பாகும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அது பதினைந்து மணி நேரம் வரைகூடப் போகும். விடியற்காலைக் காபியில் பாதி, இரவு எட்டு மணிக்கும் உடம்பில் இருக்கிறது என்று அர்த்தம். சிறுநீர்த் தொற்றுக்கு அடிக்கடி எழுதித் தரப்படும் சிப்ரோஃப்ளாக்சசின் அந்த நொதியைத் தடுக்கும். அந்த ஐந்து நாளும் காபி வழக்கத்தைவிடத் தூக்கிவாரிப் போடுகிறது என்றால் மருந்து முடிகிறவரை ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்ளலாம். தலைவலி மாத்திரைகள் சிலவற்றிலும் கஃபீன் கலந்திருக்கும், அட்டையின் பின்பக்கம் எழுதியிருக்கும். ராத்திரி தலைவலிக்கு அதைப் போட்டுக்கொண்டு தூக்கம் வரவில்லை என்பவர்கள் உண்டு.

அம்மாவுக்கு என்ன மாற்றினோம் என்பதைச் சொல்கிறேன். 'இரண்டு மணிக்கு மேல் காபியே கிடையாது' என்று சொல்லியிருந்தால் அம்மா அன்றைக்குத் தலையாட்டிவிட்டு மறுநாள் பழையபடி குடித்திருப்பார். மூன்றரை மணிக் காபி என்பது நம் பக்கத்தில் வெறும் காபி இல்லை. வேலையெல்லாம் ஓய்ந்து, எதிர்வீட்டு அத்தை வந்து உட்கார்ந்து, பேச்சு தொடங்குகிற நேரம் அது. அதை எடுக்காமல் என்ன செய்யலாம் என்று தாளில் இரண்டு விதமாகப் போட்டுப் பார்த்தேன். ஆறரை மணிக் காபியை விட்டுவிட்டு, மூன்றரையை மத்தியானம் ஒன்றரைக்கு இழுத்தால் படுக்கும்போது மிச்சம் 50. ஆறரையை விட்டுவிட்டு, மூன்று மணிக்கே குடித்து, அதில் டிகாக்ஷனை மட்டும் பாதியாக்கிப் பாலைக் கூட்டினால் மிச்சம் 42. முன்பிருந்த 95-ல் பாதிக்கும் கீழே. அத்தையோடு பேச்சும் போகவில்லை. இரண்டாவதையே எடுத்துக்கொண்டோம். மத்தியானம் புதுப் பொடி போடுவதையும் நிறுத்தி, காலை ஃபில்டரின் இரண்டாம் டிகாக்ஷனையே வைத்துக்கொண்டார்.

ஆறரை மணிக்குக் கையில் சூடாக ஒரு டம்ளர் இருக்க வேண்டும் என்றார். சுக்குமல்லிக் காபி போட்டார். சுக்கு, கொத்தமல்லி விதை, பனைவெல்லம், பெயரில்தான் காபி. சில வீடுகளில் மணத்துக்கு அதிலும் ஒரு ஸ்பூன் காபித்தூள் போடுவார்கள், அதை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். காபிக்குப் பதில் டீ என்பது மட்டும் சரிவராது. ஒரு கோப்பை டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கும் என்கிறது அதே 2024 வழிகாட்டி. நம் பால் கலந்த டம்ளர் காபிக்கும் டீக்கடைத் தூள் டீக்கும் பெரிய தூரம் இல்லை.

ஒரே நாளில் பாதியாகக் குறைத்திருந்தால் தலைவலி வந்திருக்கும். தினமும் குடிக்கிறவருக்கு மூளை கூடுதல் ஏற்பிகளை உண்டாக்கி வைத்திருக்கும். கஃபீன் வராத அன்று அடினோசின் அத்தனை ஏற்பிகளையும் பிடித்துக்கொள்ளும், மூளையின் இரத்தக் குழாய்கள் விரியும். நிறுத்திய பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் தொடங்கி, முதல் இரண்டு நாளில் உச்சமாகி, ஒன்பது நாளுக்குள் அடங்கும். ஏகாதசி விரதத்தில் காபியைத் தொடாதவர்களுக்குச் சாயங்காலம் வருகிற மண்டையிடி பட்டினியால் மட்டும் வருவதில்லை. அம்மாவுக்கு முதல் வாரம் ஆறரை மணி டம்ளரில் டிகாக்ஷனைப் பாதியாக்கினோம், இரண்டாவது வாரம் அதை எடுத்துவிட்டோம், மூன்றாவது வாரம் மூன்று மணிக் காபியில் கை வைத்தோம். டம்ளரைச் சின்னதாக்கவில்லை, டிகாக்ஷனைத்தான் குறைத்தோம். அந்த மூன்று வாரமும் காலண்டரில் அன்றன்றைய கட்டத்தில் ராத்திரி எத்தனை முறை முழிப்பு என்று ஒரு கோடு, இரண்டு கோடு போடச் சொன்னேன். வேறு எதையும் மாற்ற வேண்டாம் என்றும் சொன்னேன். படுக்கும் நேரத்தையும் சேர்த்து மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

தூங்காமலிருக்கத்தான் குடிக்கிறோம் என்கிறவர்களுக்கு வேறு கணக்கு. சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு முறைக்குக் காத்திருக்கும்போது, மழைக்கும் மாட்டுக்கும் பயந்து குவியலுக்குப் பக்கத்திலேயே ராத்திரி காவல் படுப்பவர்கள் நம் மாவட்டங்களில் ஏராளம். என் சித்தப்பா மகன் அப்படி நாலு ராத்திரி கிடந்தான். தார்ப்பாயை இழுத்துவிடுவது, டீ, மறுபடி ஒரு சுற்று, டீ என்று விடியற்காலை நான்கு மணிவரை ஆறு டீ. காலை ஆறரைக்கு வீட்டுக்கு வந்து படுத்தால் பதினொரு மணிவரை கண் எரிச்சல்தான், தூக்கம் இல்லை. அடுத்த ராத்திரி இன்னும் அசதி, இன்னும் டீ. அதே டீயைப் பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் ஒன்றரைக்குமாகக் குடித்து, இரண்டு மணிக்கு மேல் வெந்நீரோடு நிறுத்தச் சொன்னேன். கடைசி இரண்டு மணி நேரம் கஷ்டமாகத்தான் இருந்தது என்றான். ஆனால் காலையில் வந்து ஒன்பது மணிக்கெல்லாம் அயர்ந்து தூங்கினான்.

காபியைக் குறைத்தும் தூக்கம் திரும்பவில்லையென்றால் காபியின் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, ராத்திரியில் மூன்று நான்கு முறை சிறுநீருக்கு எழுவது, படுத்ததும் கால்களை அசைத்தே ஆக வேண்டும்போல் இருப்பது, இவையெல்லாம் மருத்துவரிடம் போக வேண்டிய சமாசாரங்கள். கால் குடைச்சலுக்கு இரும்புச்சத்துக் குறைவு ஒரு காரணமாக இருப்பதுண்டு. சாப்பாட்டோடு குடிக்கும் காபியும் டீயும் அந்த இரும்பை உடம்பில் சேரவிடாது என்பதால், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் விட்டே குடிக்கச் சொல்கிறது ஊட்டச்சத்து நிறுவனம். அப்பாவின் குறட்டையையும் அப்படித்தான் நெஞ்சு மருத்துவரிடம் சொல்லச் சொன்னேன். குறட்டை விடுகிறவர் நன்றாகத் தூங்குகிறார் என்று நாங்கள் நாற்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அம்மாவின் காலண்டரில் முதல் வாரம் முழுக்க இரண்டு கோடு, மூன்று கோடு. மூன்றாவது வாரக் கடைசியில் ஒற்றைக் கோடு. நாலு நாள் கட்டம் காலி. ஒற்றைக் கோடு போட்ட நாளெல்லாம் நான்கு மணி வாக்கில் சிறுநீருக்கு எழுந்து, மறுபடி ஒரு மணி நேரம் தூங்கியதாகச் சொன்னார். மாதம் இரண்டு கிலோ வாங்கியவர் இப்போது ஒன்றரைக் கிலோ வாங்குகிறார், அப்பாவும் நாலு டம்ளருக்கு வந்துவிட்டார். அவர் கடைசி டம்ளர் மத்தியானம் ஒரு மணிக்கு. ஆறரைக்கு இருவருக்கும் சுக்குமல்லி.